சண்டிக்கட்டுத் தாத்தாவுக்கு நிறம் வந்துவிட்டது!

யார் அகப்பட்டாலும் முதலில் போனை எடுத்து அந்தப் படத்தைத்தான் காட்டுகிறேன். கடைக்கு அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்தவர், பஸ்ஸுக்கு நின்றவர், தேங்காய் கொண்டுவந்தவர் என்று ஓமந்தைச் சந்தியில் அதைப் பார்க்காத ஆள் குறைவு. எல்லாரும் "நல்லாயிருக்கு" என்றுவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது காணாது. எவ்வளவு அருமையான சங்கதி நடந்திருக்கிறது என்று விளங்கவேண்டுமானால் நிறப்படத்துக்குப் பக்கத்தில் பென்சில் படத்தையும் வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் நான் எழுதிக்கொடுத்த சொற்களையும் வாசிக்கவேண்டும். அந்தச் சொற்களைப் பற்றித்தான் இப்போது வாய் ஓயாமல் சொல்லப்போகிறேன்.

பென்சில் படம் என் அக்காவின் மகள் கீறியது. விஞ்ஞானப் பாடக் கொப்பியின் பின்பக்கத்தில், நீலக்கோடுகளின் மேல், ஒரு கிழவர். பெயர் பரண் தாத்தா. பெரும்போக நெல் குடலைப்பருவத்துக்கு வந்ததும் வயலில் பரண் கட்டி யானைக்காவல் இருக்கிறவர். எங்கள் பக்கத்தில் மார்கழி, தை மாத இரவுகளில் இப்படிப்பட்டவர்களைப் பார்க்காதவர்கள் இல்லை. ஆனால் இந்தத் தாத்தா யாரையும் பார்த்துக் கீறியவர் அல்ல, அவளுடைய மண்டைக்குள் பிறந்தவர். அவரை வைத்து ஒரு படக்கதை செய்ய வேண்டுமாம். நிறம் தீட்ட அவளிடம் இருந்ததோ பாதி முறிந்த கலர் பென்சில் பெட்டி. "மாமா, போனில ஏதோ செய்யலாமாமே" என்று கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

படத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது. ஆள் மொத்தமே மூன்று தலை உயரம். தலை பெரிது, மேலே ஒடுங்கி, தாடைப்பக்கம் அகன்றிருக்கும். ஒரு கண் வட்டமாக முழித்துக்கொண்டிருக்கும், மற்றக் கண் வெறும் கோடு, பாதி நித்திரை. மூக்கு நீளம், நடுவில் ஒரு கோணல். மேலுதட்டில் ஒன்றுமில்லை, நாடியில் மட்டும் மூன்று மயிர். தலையைச் சுற்றிக் கட்டம்போட்ட துவாய், ஆனால் உச்சி திறந்தபடி. சட்டையின் பொத்தான்கள் ஒரு ஓட்டை தவறிப் போடப்பட்டதால் கீழ்விளிம்பு ஒரு பக்கம் இறங்கி நிற்கும். சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கிச் சண்டிக்கட்டு. காலில் ஒற்றைச் செருப்பு. ஒரு கையில் நீட்டு ரோச், மற்ற அக்குளில் ஒரு பழைய பால்மா ரின். பொக்கற்றுக்குள்ளிருந்து யானைவெடியின் திரி எட்டிப்பார்க்கிறது. கையொன்றுக்கு நான்கு விரல்கள்தான். தூரத்தில், பற்றைக்குப் பின்னால், சின்னதாக ஒரு அலியன் யானை.

இந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து இந்தக் கண் வந்தது! தவறிப்போட்ட அந்தப் பொத்தான் ஒன்றே போதும், நடுச்சாமத்தில் யானைச் சத்தம் கேட்டு இருட்டில் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்த ஆள் என்று தெரிய. சிரித்திரன் சுந்தரின் சவாரித்தம்பரையும் மைனர் மச்சானையும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு நான் விளக்கத் தேவையில்லை. கோட்டுச்சித்திரத்தில் ஆளை ஆளாக்குவது இப்படிப்பட்ட கோணல்கள்தான்.

அந்தக் கோணல்களையெல்லாம் படக்கருவி முதல் வேலையாக நிமிர்த்திவிட்டது. போனில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு கருவியில் படத்தை ஏற்றி, "இதற்கு நிறம் கொடு" என்று மட்டும் எழுதிப் பார்த்தோம். சில நொடிகளில் பளபளவென்று ஒருவர் வந்து நின்றார். உயரம், நேரான முதுகு, முறுக்கின மீசை. தலையில் ராஜஸ்தான் கலியாணத் தலைப்பாகை. பொத்தான்கள் ஒழுங்கு, கால்கள் இரண்டிலும் செருப்பு, கையில் ஐந்து ஐந்து விரல். சட்டையில் அழகான நீலக் கோடுகள் வேறு. பின்னால் நின்ற யானைக்கு முழ நீளத் தந்தம்.

மருமகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இவர் யானையைக் கண்டா கலைக்க மாட்டார் மாமா. செல்பி எடுப்பார்."

ஏன் இப்படி வருகிறது என்பது விளங்கினால்தான் என்ன எழுதவேண்டும் என்பதும் விளங்கும். இந்தக் கருவிகளில் பல, வெறும் புள்ளிக் கலவரமான ஒரு படத்திலிருந்து தொடங்கி, படிப்படியாக இரைச்சலை நீக்கி உருவத்தை வெளியே கொண்டுவருகின்றன. ஒவ்வொரு படியிலும் எந்தப் பக்கம் போவது என்பதை நாம் கொடுத்த சொற்களும் படமும் இழுக்கின்றன. சொல் ஒன்றும் இல்லாத இடத்தில், அது பழகிய கோடிக்கணக்கான படங்களில் எது அதிகமோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். 'தென்னாசியக் கிழவர்' என்றால் மீசை, 'தலைத்துணி' என்றால் தலைப்பாகை, 'யானை' என்றால் தந்தம். கோணல் பொத்தானைப் பார்க்கும்போது, கீறியவர் கைதவறிவிட்டார் என்று எண்ணித் திருத்திவிட்டதுபோல நடந்துகொள்ளும். நாம் பேசாமல் விட்ட இடமெல்லாம் அதன் பழக்கத்துக்குச் சொந்தம்.

கோட்டைக் கோட்டின்படியே பிடித்துவைத்துக்கொண்டு நிறம் மட்டும் கொடுக்கச் செய்யலாமா என்ற கேள்வி எங்களுக்கு முன்னரே பலருக்கு வந்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற கருவி எல்லாருடைய கைக்கும் வந்தபோது, பென்சில் படத்தைக் கொடுத்தவர்கள் இரண்டு பக்கமும் இடிபட்டார்கள். படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று 0 இலிருந்து 1 வரை ஓர் அளவு வைக்கவேண்டும். குறைத்து வைத்தால் கோடு நிற்கும், ஆனால் வெள்ளைத் தாள் வெள்ளையாகவே கிடக்கும். கூட்டினால் நிறம் வரும், ஆள் மாறிவிடுவார். 2023 இன் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லுமின் ஜாங், மனீஷ் அகர்வாலா முதலியோர் 'கன்ட்ரோல்நெட்' என்ற வழியைக் கொண்டுவந்தார்கள். கோடுகளைத் தனியே ஒரு வழியால் உள்ளே கொடுத்து உருவத்தைக் கட்டிப்போடுவது. நிறத்தைச் சொற்கள் பார்த்துக்கொள்ளும். நல்ல கணினி வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறார்கள். என்னிடம் இருப்பதோ கடையும் போனும். 2025 இல் பரவலான உரையாடல் வகைக் கருவிகளில் படத்தையும் ஏற்றலாம், தமிழிலும் எழுதலாம், ஆனால் திருகிப் பார்க்க அளவுக்குமிழ் ஒன்றும் இல்லை. அங்கே குமிழ் என்றால் சொல்தான். அதுதான் எனக்கு இவ்வளவு பிடித்துப்போனது!

சொல்லுக்குப் போவதற்கு முன் தாளைப் பற்றி ஒன்று. சட்டையில் வந்த நீலக் கோடுகள் கொப்பியின் கோடுகள். கருவிக்கு அது தாளா சட்டையா என்று எப்படித் தெரியும்? அதேபோல, இரவில் மஞ்சள் பல்பின் கீழ் எடுத்த போட்டோவில் தாள் முழுவதும் மஞ்சளாகக் கிடந்தால், அந்த மஞ்சள் தாத்தாவின் தோலுக்கும் ஏறிவிடும். கடையில் ஸ்கேனர் இருப்பது எனக்கு வசதி. சாம்பல்நிறப் படமாக ஸ்கேன் செய்து வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டினால், மெல்லிய நீலம் வெளிறிப்போய் அழுத்தமான பென்சில் கோடு மட்டும் மிஞ்சும். ஸ்கேனர் இல்லாதவர்கள் காலையில் ஜன்னலோரம் தாளை வைத்து, போனின் நிழல் விழாமல் நேர் மேலிருந்து எடுத்தால் சரி. மிஞ்சின கோட்டுக்கு ஒரு வசனம்: "கிடையாக ஓடும் மெல்லிய கோடுகள் தாளின் கோடுகள், படத்தைச் சேர்ந்தவை அல்ல; அந்த இடங்களை அயல் நிறத்தால் நிரப்பு."

இனிச் சொற்கள். எழுதுவதற்கு நான் மருமகளை உட்காரவைத்து அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். "பாவம் மாமா, நல்ல மனுசன், ஆனா கொஞ்சம் கோபக்காரர், பேரப்பிள்ளையில உயிர்" என்றாள். கதைக்கு அருமையான சரக்கு, நிறம் தீட்டுவதற்கு ஒன்றுக்கும் உதவாது. 'நல்ல மனுசன்' என்று எழுதினால் கருவி அவரைச் சிரிக்கவைக்கும். படத்தில் அவர் சிரிக்கவில்லை. 'கோபக்காரர்' என்றால் புருவத்தை நெரிக்கும். ஆளைப் பற்றி நமக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு, தாளில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதவேண்டும். முகபாவம்கூட வடிவமாக: வாய் நேர்கோடு, ஒரு முனை சற்றுக் கீழே.

உவமையும் கூடாது. இதை நான் நம்பவே இல்லை, செய்து பார்த்தபின்தான் வாயைப் பிளந்தேன். தாத்தாவின் தலை அசல் பனங்காய் வடிவம். அதை அப்படியே "பனங்காய் போன்ற தலை" என்று எழுதினால், தோலில் ஒரு கருமை ஏறி, உச்சியில் பனங்காயின் மூடிபோல ஏதோ முளைத்துவிடுகிறது. சொன்ன பொருளைக் கருவி எங்காவது கொண்டுவந்து வைத்துவிடும். "தலையின் மேற்பகுதி ஒடுக்கம், தாடைப்பகுதி மேற்பகுதியைப்போல ஒன்றரை மடங்கு அகலம்" என்று எழுதினோம். தலை கொப்பியில் இருப்பதுபோலவே வந்தது. தமிழில் எழுதிப் பழகிய எவருக்கும் உவமையைக் கைவிடுவது கஷ்டம்தான், என்ன செய்வது.

எண்ணாகச் சொல்லக்கூடியதை எண்ணாகச் சொல்வதில் எனக்கு ஒரு போதையே வந்துவிட்டது. 'குள்ளம்' என்றால் எவ்வளவு குள்ளம்? அடிமட்டத்தை எடுத்துத் தலையை அளந்தோம், பிறகு முழு ஆளை. தலை 4 சென்ரிமீற்றர், ஆள் 12. ஆகவே மூன்று தலை உயரம். சாதாரண வளர்ந்த மனிதர் ஏழு, ஏழரைத் தலை உயரம் இருப்பார்; கருவி அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டே நிற்கும். "மொத்த உயரம் மூன்று தலை, கால்கள் ஒரு தலை உயரத்துக்கும் குறைவு" என்று எழுதியதும் நீட்டின காலை மடக்கிக்கொண்டது.

இடது வலதுக்கு வருகிறேன், இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். முழித்த கண் தாத்தாவுக்கு வலது கண். நமக்கோ அது இடப்பக்கம். "வலது கண் பெரிது" என்றால் கருவி ஒருமுறை அவருடைய வலது என்கிறது, இன்னொருமுறை நம்முடைய வலது என்கிறது. சில வேளை வம்பே வேண்டாமென்று இரண்டு கண்ணையும் பெரிதாக்கிவிடுகிறது. ஆளின் இடம் வலத்தை மறந்துவிட்டு "படத்தின் இடது ஓரத்தை நோக்கிய பக்கம்" என்று எழுதினால் குழப்பம் தீர்ந்தது. ரோச், ரின், ஒற்றைச் செருப்பு, துவாயின் தொங்கும் முனை எல்லாவற்றுக்கும் அதே முறைதான்.

கோணலைக் கோணல் என்று எழுதுவது அடுத்தது. எழுதினால் மட்டும் போதாது, அது வேண்டுமென்றே வைத்தது என்றும் சொல்லவேண்டும். "சட்டைப் பொத்தான்கள் ஒரு ஓட்டை தவறிப் போடப்பட்டுள்ளன, இது வேண்டுமென்று வரைந்தது, ஆகவே கழுத்துப்பட்டியின் ஒரு முனை உயர்ந்தும், சட்டையின் கீழ்விளிம்பு படத்தின் வலப்பக்கம் இரண்டு விரல் இறங்கியும் நிற்கும்." இரண்டாம் பகுதியைக் கவனியுங்கள். பொத்தான் தவறியிருக்கிறது என்று மட்டும் எழுதியபோது கருவிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, ஒரு பொத்தானைக் காணாமல் செய்துவிட்டது. தவறியதால் துணியில் என்ன தெரியும் என்று எழுதியதும் பிடித்துக்கொண்டது. காரணத்தைவிடக் கண்ணுக்குத் தெரியும் விளைவுதான் அதற்கு விளங்குகிறது.

'இல்லை' என்ற சொல்லோடு நான் பட்ட பாட்டைத் தனியாகச் சொல்லவேண்டும். "மீசை இல்லை" என்றால் மீசை வரும்! 'மீசை' என்று பெயர் சொன்னதே அதற்கு அழைப்பு. புதிய கருவிகள் இதில் முன்னைவிடத் தேறிவிட்டன என்றாலும் நம்ப முடியாது. இல்லாததை விட்டுவிட்டு அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று எழுதவேண்டும்: "மேலுதடு மழித்த வெறும் தோல்." யானைக்கும் இதே வைத்தியம்தான். இலங்கையில் ஆண் யானைகளிலும் மிகப் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் கிடையாது, அலியன்தான். எங்கள் வயலுக்கு வருகிறவர்களும் அவர்கள்தான். உலகத்துப் படங்களிலோ யானை என்றால் தந்தம். "தந்தம் இல்லாத யானை" என்று எழுதி எழுதிப் பார்த்தாலும் ஒரு சின்ன வெள்ளை முனையாவது எட்டிப்பார்க்கும். "துதிக்கையின் இரு பக்கமும் வாயோரம் வழுவழுப்பான சாம்பல்நிறத் தோல், தொங்கும் கீழுதடு மட்டும் தெரிகிறது" என்றோம். வந்தது பாருங்கள், அசல் வன்னி அலியன்! கடையில் நின்று நான் கை தட்டிவிட்டேன்.

உடுப்பில் ஊர்ப்பெயர் உதவாது. சாரம் என்றாலும் லுங்கி என்றாலும் ஒன்று வெள்ளை வேட்டி வரும், இல்லாவிட்டால் பூப்போட்ட இந்தோனேசியத் துணி. சண்டிக்கட்டு என்றால் அதற்கு ஒன்றுமே தெரியாது. துணி எப்படி உடம்பில் நிற்கிறது என்று தையல்காரரிடம் சொல்வதுபோல எழுதினோம்: குழாய்போல் தைத்த ஒற்றைத் துணி, கீழ்விளிம்பைத் தூக்கி இடுப்பில் இரண்டாகச் சுற்றி முன்பக்கம் முடிச்சு, முழங்கால் இரண்டும் வெளியே. துவாயும் அப்படித்தான். 'தலைப்பாகை' என்ற சொல்லையே தொடாமல், "பருத்தித் துவாய் ஒருமுறை மட்டும் நெற்றியைச் சுற்றியிருக்கிறது, உச்சந்தலை திறந்து வழுக்கை தெரிகிறது" என்றதும் ராஜஸ்தான் மாப்பிள்ளை விடைபெற்றுக்கொண்டார்.

நிறத்தைக் கடைசிக்கு விட்டதற்குக் காரணம் உண்டு. நிறங்கள் கருவிக்குள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒழுகும். "பச்சைச் சாரம், மஞ்சள் துவாய், நீலச் சட்டை, சிவப்பு ரோச்" என்று ஒரே மூச்சில் அடுக்கினால் ரோச் பச்சையாகும், சாரத்தில் சிவப்பு ஏறும். ஒரு பொருளுக்கு ஒரு வசனம், அந்த வசனத்துக்குள் அந்தப் பொருளின் நிறம் மட்டும். மொத்தத்தில் ஐந்து ஆறு நிறங்களுக்கு மேல் போகாமல் இருப்பதும் நல்லது. 'நீலம்' என்று மட்டும் விட்டால் புத்தம்புதிய பளிச் நீலம் வரும். "பலமுறை தோய்த்து வெளிறிய நீலம், தோள்பட்டையில் இன்னும் வெளிறல்" என்றால்தான் வயற்காரரின் சட்டை. நிழல் வேண்டுமென்று கேட்காதீர்கள் என்பது என் பிடிவாதமான கருத்து. நிழல் கேட்டால் உருட்சி வரும், உருட்சி வந்தால் பென்சில் கோடு கரைந்துபோய் ஆள் பிளாஸ்ரிக் பொம்மையாகிவிடுவார். "தட்டையான நிறம், ஒவ்வொரு பரப்புக்கும் ஒரே நிறம், பென்சில் கோடுகள் மேலே தெரியட்டும்" என்பதுதான் கோட்டுச்சித்திரத்துக்கு மரியாதை.

கடைசியில் நாங்கள் கொடுத்த சொற்கள் இவை. அப்படியே தருகிறேன், வேண்டியவர்கள் தங்கள் படத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

```
இணைத்துள்ள பென்சில் படத்துக்கு நிறம் மட்டும் கொடு.
கோடுகளின் இடம், அளவு, சாய்வு மாறக்கூடாது.
கோணலாக இருப்பவை வேண்டுமென்றே வரையப்பட்டவை.
கிடையாக ஓடும் மெல்லிய கோடுகள் தாளின் கோடுகள்;
அந்த இடங்களை அயல் நிறத்தால் நிரப்பு.

மொத்த உயரம் மூன்று தலை. கால்கள் ஒரு தலைக்கும் குறைவு.
உடல் படத்தின் இடது ஓரம் நோக்கிச் சாய்ந்துள்ளது.
தலையின் மேற்பகுதி ஒடுக்கம்; தாடை அதைப்போல ஒன்றரை மடங்கு.
படத்தின் இடப்பக்கக் கண் திறந்த வட்டம்; வலப்பக்கக் கண் ஒரு கோடு.
மூக்கு நீளம், நடுவில் வளைவு. மேலுதடு மழித்த வெறும் தோல்.
நாடியில் மூன்று வெள்ளை மயிர். தோல் கரும்பழுப்பு.
ஒவ்வொரு கையிலும் நான்கு விரல்கள்.

பருத்தித் துவாய் ஒருமுறை நெற்றியைச் சுற்றியுள்ளது;
உச்சி திறந்து வழுக்கை தெரிகிறது. துவாய் வெள்ளை, சிவப்புக் கட்டம்.
அரைக்கைச் சட்டை, தோய்த்து வெளிறிய நீலம்.
பொத்தான்கள் ஒரு ஓட்டை தவறியவை; கீழ்விளிம்பு
படத்தின் வலப்பக்கம் இறங்கி நிற்கிறது.
இடுப்பில் குழாய்த்துணி, முழங்காலுக்கு மேல் தூக்கி
முன்பக்கம் முடிந்தது. நிறம் கடும்பச்சை.
படத்தின் இடப்பக்கக் காலில் மட்டும் கறுப்பு இறப்பர்ச் செருப்பு;
மற்றப் பாதம் வெறும் தோல்.

தட்டையான நிறம். பென்சில் கோடுகள் மேலே தெரியட்டும்.
படத்தின் அடிப்பகுதி வெறும் வெள்ளை.
```

ரோச், ரின், வெடி, யானை ஆகியவற்றுக்கான வரிகளை இடம் கருதி விட்டிருக்கிறேன், முறை ஒன்றுதான். வரிசையைக் கவனித்திருப்பீர்கள். என்ன செய்யவேண்டும், எதைத் தொடக்கூடாது என்பது தலையில். பிறகு முழு உருவம். பிறகு முகத்திலிருந்து கால்வரை. பழைய ஸ்டேபிள் டிஃப்யூஷனில் சொற்களுக்கு 75 துண்டு என்ற எல்லை இருந்தது, அதற்குமேல் எழுதியதை அதன் மூலவடிவம் வெட்டிவிடும். இன்றைய உரையாடல் கருவிகளில் அந்த இறுக்கம் இல்லை. ஆனாலும் முக்கியமானதை முதலில் வைப்பதை நான் விடவில்லை.

அடிப்பகுதி ஏன் வெள்ளை? மருமகள் அங்கே 'பரண் தாத்தா' என்று பெயர் எழுதியிருந்தாள். கருவி அதையும் வரைந்து தந்தது, தூரத்தில் பார்த்தால் தமிழ், கிட்டப் போனால் ஒரு எழுத்தும் எழுத்தில்லை. கொம்பு வேறு எங்கோ, சுழி வேறு எங்கோ. தமிழ் எழுத்துகளில் எங்கள் கருவி தடுமாறியது. அந்த இடத்தை வெறுமையாக வாங்கி, பெயரை அவளே கையால் எழுதினாள்.

வந்த படத்தில் ஒன்றிரண்டு பிழை நிற்கும். செருப்பு சரி, துவாய் சரி, ஆனால் விரல் ஐந்து. அப்போது வந்த படத்தையே திரும்பக் கொடுத்து "விரலைத் திருத்து" என்றால் விரல் திருந்தும், மூக்கு கொஞ்சம் நேராகும். இன்னொரு சுற்றில் நிறம் ஒரு மாதிரி மங்கும். பிறகு தாத்தா மெல்ல மெல்ல வேறு யாரோவாகிக்கொண்டு போவார், ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பிரதி என்பதால். நாங்கள் செய்தது இது: பிழையைக் கண்டதும் சொற்களில் அதற்குரிய ஒரு வரியை மட்டும் மாற்றி, மறுபடியும் மூல பென்சில் படத்திலிருந்தே தொடங்குவது. ஒரே தடவையில் நாலு வரி மாற்றினால் எந்த வரி எதைச் செய்தது என்று பிடிபடாது.

சரியாக வந்துவிட்டதா என்று கண்ணை நம்பக்கூடாது. நிறம் ஏறிய படம் எப்போதும் அழகாகத்தான் தெரியும், அந்த அழகில் மயங்கி மூக்கு நிமிர்ந்ததைக் கவனிக்கமாட்டோம். கடையில் நான் கண்டுபிடித்த சோதனை இருக்கிறதே, அதற்கு எனக்குப் பரிசே தரலாம்! நிறப்படத்தைப் பென்சில் படத்தின் அதே அளவுக்கு மெல்லிய தாளில் அச்செடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துக் காலை வெயிலில் பார்ப்பது. பொருந்தினால் ஒரே கோடு. விலகினால் இரட்டைக் கோடு. ஐந்து இடம் பார்த்தால் போதும்: உச்சி, நாடி, இரண்டு முழங்கை, முடிச்சு. எங்கள் கடைசிப் படத்தில் தலையும் முடிச்சும் அப்படியே படிந்தன, முழங்கை ஒன்று மயிரிழை விலகியிருந்தது. அவ்வளவுதான்! மருமகள் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, என்ர கோடுதான் மாமா, என்ர கோடேதான்" என்று துள்ளினாள்.

அந்தச் சொற்தாள் இப்போது லாமினேற் செய்து கடைச் சுவரில் தொங்குகிறது. படக்கதையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் புதிய பென்சில் படமும் அதே தாளும்தான், நிற்கிற விதத்தைச் சொல்லும் வரி மட்டும் மாறும். பரணில் குந்தியிருக்கும் தாத்தா, ரின்னைத் தட்டும் தாத்தா, இரண்டிலும் அதே ஆள், அதே வெளிறிய நீலம். ஆனால் முதுகைக் காட்டி ஓடும் கட்டம் வந்தபோது சொற்தாள் கைவிரித்தது. துவாயின் முடிச்சு பின்னால் எங்கே இருக்கிறது, சாரம் பின்பக்கம் எப்படி விழுகிறது என்று நாங்கள் எங்கும் எழுதவில்லை, அவளும் கீறவில்லை. கருவி தன் பாட்டுக்கு ஒரு முதுகைச் செய்து, அதிலே ஒரு பெரிய குடுமியையும் வைத்துவிட்டது. பின்பக்கத்தைக் கீறித் தா என்று கேட்டேன். அடுத்த நாள் கொண்டுவந்தாள். முடிச்சு இருந்தது, சாரத்தின் மடிப்பு இருந்தது, சட்டையின் முதுகில் ஒரு கிழிசலும் இருந்தது.

"இதென்ன பிள்ளை?"

"முள்ளுக்கம்பியில கொழுவினது மாமா. முன்னால நிண்டா தெரியாது."

எழுதிக்கொண்டேன்: படத்தின் வலப்பக்கத் தோள்பட்டைக்குக் கீழே ஒரு தலையின் கால்வாசி நீளத்தில் முக்கோணக் கிழிசல், ஓரம் நூல் பிரிந்தது, உள்ளே தெரிவது கரும்பழுப்புத் தோல்.